ஒரே தவணை, இரு வேறு ஒப்பந்தம்

மாதம் 1,31,000 ரூபாய், 36 மாதம். இலங்கையின் கிழக்கில், நெல்லும் அரிசி ஆலைகளும் நிறைந்த சம்மாந்துறையில் ஓர் ஆலைக்காரர் புது இயந்திரம் வாங்க இரண்டு வங்கிகளின் படி ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கறுத்த அரிசியையும் கல்லையும் கேமராவால் இனங்கண்டு தனியே ஒதுக்கும் இயந்திரம் அது. ஆலைக்காரர்கள் கலர் சார்ட்டர் என்பார்கள். விலை 40 லட்சம் இலங்கை ரூபாய். வழக்கமான வங்கி 11 சதவீத வட்டிக்குக் கடன் தருவதாகச் சொல்கிறது. கணக்குப் போட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 1,31,000. வட்டியில்லா வங்கியோ, "அந்த இயந்திரத்தை நாங்கள் 40 லட்சத்துக்கு வாங்கி உங்களுக்கு 47,16,000 ரூபாய்க்கு விற்கிறோம், 36 தவணையாகக் கட்டுங்கள்" என்கிறது. அதிலும் மாதம் 1,31,000தான்.

பிறகு என்ன வித்தியாசம்? வட்டி என்ற பெயரை லாபம் என்று மாற்றியதுதானே? இதைக் கேட்காத வாசகர் இருக்க மாட்டார். கேள்வி புதியதும் அல்ல. வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுக்கும் குர்ஆனின் இரண்டாம் அத்தியாய வசனத்திலேயே, வணிகமும் வட்டியைப் போன்றதுதான் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள் என்ற குறிப்பு உண்டு. அந்த வாதம் 14 நூற்றாண்டுகளாக ஓயவில்லை. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் தவணைத் தொகையைப் பார்த்துப் பயனில்லை. இயந்திரத்தை வங்கி வாங்கியதற்கும் ஆலைக்காரருக்கு விற்றதற்கும் நடுவே அது யாருடையதாக இருந்தது என்று பார்க்க வேண்டும். என் தீர்ப்பு முழுவதும் அந்த இடைவெளியைச் சார்ந்தது.

வழக்கமான கடனில் வங்கி கொடுப்பது பணம். அந்தப் பணத்தால் வாங்கிய பொருளுக்கு என்ன ஆனாலும் வங்கிக்கு வர வேண்டியது வந்தாக வேண்டும். முதல் மாதத் தவணையில் சுமார் 36,700 ரூபாய் வட்டிக்கும் மீதி அசலுக்கும் போகும். அடுத்த மாதம் வட்டி சற்றுக் குறையும். வட்டி என்பது பணம் உங்களிடம் இருந்த காலத்துக்கான கூலி. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலம் ஓடுகிறது, கூலியும் ஏறுகிறது.

வட்டியில்லா வங்கி செய்வது முராபஹா என்ற விற்பனை. பொருளின் அடக்க விலை இவ்வளவு, அதன்மேல் என் லாபம் இவ்வளவு என்று வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லி விற்பதே முராபஹா. நம்மூர்க் கடைக்காரர் எவரும் கொள்முதல் விலையை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. இங்கே அதைச் சொல்வதுதான் ஒப்பந்தத்தின் உயிர். அடக்கத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் வாங்கியவர் வழக்காடலாம்.

இதன் படிகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். வரிசை பிசகினால் ஒப்பந்தமே செல்லாது. ஆலைக்காரர் முதலில் இயந்திரம் விற்கும் நிறுவனத்திடம் விலைப்பட்டியல் வாங்கி வங்கியில் கொடுக்கிறார். வங்கி அவருடைய வரவுசெலவையும் பிணையையும் சரிபார்க்கிறது. இதில் எந்த வங்கிக்கும் வேறுபாடில்லை. அடுத்து, "நீங்கள் இதை வாங்கினால் உங்களிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று அவர் வாக்குறுதி எழுதிக் கொடுக்கிறார். அது வாக்குறுதி மட்டுமே; விற்பனை இன்னும் நடக்கவில்லை. தன் கையில் இல்லாததை விற்கக் கூடாது என்பது இஸ்லாமிய வணிகச் சட்டத்தின் அடிப்படை விதி. ஆகவே வங்கி பணத்தை இயந்திர நிறுவனத்துக்குச் செலுத்தி, தன் பெயரில் பொருளை வாங்குகிறது. பொருள் வங்கியின் கைக்கு வந்த பிறகுதான் "இதை உனக்கு 47,16,000 ரூபாய்க்கு விற்கிறேன்" என்றும் "வாங்கிக்கொண்டேன்" என்றும் இருதரப்பும் எழுதி முடிக்கின்றன. அதற்குப் பிறகே ஆலைக்காரர் கடனாளி ஆகிறார். அவர் பட்ட கடன், வாங்கிய பொருளின் விலை பாக்கி.

இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். கொழும்பிலிருந்து லாரியில் ஏற்றிய இயந்திரம் மலைப்பாதையில் கவிழ்ந்து நொறுங்குகிறது. விற்பனைப் பத்திரத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. கடன் வாங்கியிருந்தால் அன்றிரவே ஆலைக்காரருக்குத் தூக்கம் போயிருக்கும்: இயந்திரமும் இல்லை, 40 லட்சம் கடனும் தலைமேல். முராபஹாவில் நொறுங்கியது வங்கியின் இயந்திரம். நட்டம் வங்கியுடையது. ஆலைக்காரர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. இந்த ஆபத்தை அஞ்சி வங்கி காப்புறுதி எடுக்கும். அந்தச் செலவை அடக்க விலையில் சேர்த்தும் கொள்ளும். ஆனாலும் பொருள் அழிந்தால் யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு விடை தெளிவு. பொறுப்பு யாருடையதோ லாபத்துக்கும் அவரே உரியவர் என்பது இந்தச் சட்டத்தின் பழைய நெறி. வங்கியின் 7,16,000 ரூபாய் லாபத்துக்கு நியாயம் சேர்ப்பது அந்தச் சில நாள் பொறுப்புதான்.

சில நாள்தானா என்று கேட்கலாம். ஆம். பல ஒப்பந்தங்களில் சில மணி நேரம்கூட. அதுதான் இதன் பலவீனமும். இத்துறையில் உலக அளவில் மதிக்கப்படும் பாகிஸ்தான் அறிஞர் முஃப்தி தகி உஸ்மானியே, முராபஹா லட்சிய முறை அல்ல, வட்டியிலிருந்து வெளியேற உதவும் இடைக்கால வழி என்றுதான் எழுதியிருக்கிறார். லாபத்தைச் சந்தை வட்டி விகிதத்தைப் பார்த்து நிர்ணயிப்பதால் மட்டும் விற்பனை செல்லாததாகிவிடாது, ஆனால் அது விரும்பத்தக்கதும் அல்ல என்பது அவர் நிலை. இரண்டு வங்கிகளின் தவணையும் ஒன்றாக இருந்ததன் காரணம் இதுவே. வட்டியில்லா வங்கியும் அதே சந்தையில், அதே போட்டியில் கடை விரித்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் என்று நம்பி அங்கே போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள்.

விற்பனை முடிந்த பிறகு இரு பாதைகளும் எப்படிப் பிரிகின்றன என்பதை இலங்கையின் 2022ஆம் ஆண்டைப் போலக் காட்டுவது வேறொன்றில்லை. அந்த ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டு மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் கொள்கை விகிதத்தை ஒரே அடியாக 7.5 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாக உயர்த்தியது. பிறகும் ஏற்றம் தொடர்ந்தது. மிதக்கும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களின் தவணை கண்முன்னே வீங்கியது. நம் ஆலைக்காரர் மிதக்கும் வட்டிக் கடனை எடுத்து, ஆறு தவணை கட்டிய நிலையில் வட்டி 25 சதவீதமாகிவிட்டது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 34 லட்சத்துச் சொச்சத்துக்கு அவருடைய மாதத் தவணை சுமார் 1,54,500 ஆகியிருக்கும். முராபஹாவில் வாங்கியிருந்தால் அதே 1,31,000. பேசி முடித்த விலையை விற்றவர் பிறகு கூட்ட முடியாது. பால்காரர் நேற்று ஊற்றிய பாலுக்கு இன்றைய விலையைக் கேட்க முடியாததுபோல. நிலையான வட்டியில் தரும் கடன்களிலும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அங்கே அது வங்கி கொடுக்கும் சலுகை. இங்கே விற்பனையின் இயல்பு.

தவணை தவறினால் என்ன ஆகும்? கடன் என்றால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் தண்ட வட்டியும் ஏறும். முராபஹாவில் பாக்கி ஒரு ரூபாயும் வளராது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்களும் உண்டு. அவர்களை வழிக்குக் கொண்டுவர, "காலந்தாழ்த்தினால் இவ்வளவு தொகை தருமத்துக்குத் தருவேன்" என்று முன்கூட்டியே எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது. தனிக் கணக்கில் வைத்துத் தருமத்துக்குச் செலவிட வேண்டும். மலேசியா, வங்கிக்கு ஏற்பட்ட உண்மையான இழப்புக்கு ஒரு வரம்புக்குள் ஈடு வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதிக்கிறது. தாமதத்தால் வங்கிக்கு லாபம் இருக்கக் கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. வாங்கியவர் முடங்கும்போது வங்கிக்கு வருமானம் கூடாத ஏற்பாடு என்பதாலேயே, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த பகுதி இது.

மாறாத விலையின் மறுமுகத்தை மறைக்கக் கூடாது. மலேசியாவில் அஃபின் வங்கி தொடுத்த ஒரு வழக்கு 2006இல் தீர்ப்பானது. வாடிக்கையாளர் வீடு வாங்க எடுத்த வசதியில், 25 ஆண்டு லாபத்தையும் சேர்த்து விற்பனை விலை சுமார் 9,92,000 வெள்ளி என்று எழுதியிருந்தது. அடக்கம் 4 லட்சம் வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. அவர் சுமார் 33,000 வெள்ளி கட்டியதோடு தவறிவிட்டார். வங்கி மீதி 9,59,000 வெள்ளியையும் கேட்டது. ஒப்பந்தப்படி விலை பாக்கி அதுதானே! சாதாரண வட்டிக் கடனாக இருந்திருந்தால் இவ்வளவு கேட்க முடியாது. இன்னும் வராத ஆண்டுகளின் வட்டி சேராது. வட்டியைத் தவிர்க்க வந்தவர் வட்டிக் கடனாளியைவிட மோசமான நிலையில் நிற்பதா என்ற கேள்வியை நீதிபதி எழுப்பினார். கடந்த காலத்துக்கு உரிய லாபத்தை மட்டும் கணக்கிட்டு, மீதியை வங்கி கேட்க முடியாது என்றார். மேல்நீதிமன்றங்களில் இந்த வகை வழக்குகள் வேறு திசையிலும் போயின. ஆனால் பாடம் உறைத்தது. முன்கூட்டி முடித்தாலோ ஒப்பந்தம் முறிந்தாலோ வராத காலத்து லாபத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மலேசிய மத்திய வங்கி பின்னர் விதித்தது. இந்தத் தள்ளுபடிக்கு இப்ரா என்று பெயர். எல்லா நாட்டிலும் அது கட்டாயம் இல்லை. வங்கியின் விருப்பம் என்றே பல ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது நல்லது.

ஒப்பந்தம் எங்கே பொய்யாகிறது என்பதற்கும் சம்மாந்துறை ஆலையிலேயே ஓர் உதாரணம் காட்டலாம். இயந்திரத்துக்குப் பதில் நெல் வாங்க முராபஹா எடுக்கிறார் என்று கொள்வோம். நெல்லைப் பற்றி வங்கி அலுவலருக்கு என்ன தெரியும்? ஆகவே ஆலைக்காரரையே தன் முகவராக நியமித்து, "எங்கள் சார்பில் நீங்களே வாங்குங்கள்" என்கிறது. இதற்கு அனுமதி உண்டு. அவர் விவசாயிகளிடம் நெல் வாங்கி ஆலையில் இறக்குகிறார். இந்த நிமிடம் வரை அது வங்கியின் நெல். அவர் வங்கிக்குத் தகவல் கொடுத்து, விற்பனை எழுதி முடித்த பிறகே மூட்டையைப் பிரிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் யார் காத்திருப்பார்? நெல்லை அவித்து, குற்றி, அரிசியாக்கிச் சந்தைக்கும் அனுப்பிவிட்டு, நாலு நாள் கழித்து வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறார். அப்போது விற்பனைக்கு நெல் எங்கே இருக்கிறது? இல்லாத நெல்லை வங்கி விற்க, இல்லாத நெல்லை இவர் வாங்குகிறார். கடைசியில் நடந்தது என்ன? பணம் கைமாறியது, கூடுதல் பணமாகத் திரும்புகிறது. பெயர் எதுவானாலும் அது வட்டிக் கடன்.

ஒழுங்காக நடக்கும் வங்கிகளில் இதைப் பிடிப்பதற்கென்றே ஷரீஆ தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது மூன்று தேதிகளை: கொள்முதல் ரசீதின் தேதி, பொருள் இறங்கிய தேதி, விற்பனை எழுதிய தேதி. முகவர் நியமனத்துக்கு முன்பே ரசீது போட்டிருந்தால் அது வங்கிக்காக வாங்கிய பொருள் அல்ல. ஏற்கெனவே தனக்காக வாங்கிவிட்டுப் பணத்துக்கு வங்கியிடம் வந்திருக்கிறார். விற்பனை எழுதிய அன்று கிடங்கில் சரக்கு இல்லை என்று தெரிந்தால், அந்த ஒப்பந்தத்தின் லாபத்தை வங்கி தன் வருமானத்திலிருந்து எடுத்துத் தருமக் கணக்கில் போட வேண்டும். தேதி பிசகியதற்கு வங்கி தன் லாபத்தையே இழக்கும் இந்த விதி இருக்கும் வரைதான் விற்பனை விற்பனையாக இருக்கும்.

தேதி எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத வகையும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தேவை ரொக்கம். எந்தப் பொருளும் தேவையில்லை. வங்கி அவருக்கு ஏதோ ஓர் உலோகத்தையோ பாமாயிலையோ தவணைக்கு விற்கும். அவர் சார்பில் அதே வங்கி அதை உடனே வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்று, பணத்தை அவர் கணக்கில் போடும். உலோகத்தை அவர் பார்த்ததுமில்லை, பார்க்கப் போவதுமில்லை. இதற்குத் தவர்ருக் என்று பெயர். வங்கியே ஏற்பாடு செய்து நடத்தும் இந்த வகையை, இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2009இல் சார்ஜாவில் கூடியபோது ஏற்க முடியாது என்று முடிவு செய்தது. ஆனாலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் அது பெருமளவில் நடக்கிறது. வங்கிகளின் ஷரீஆ குழுக்கள் தேவையைக் காரணம் காட்டி அனுமதிக்கின்றன. அகாடமியின் முடிவே சரி என்பது என் கருத்து. பொருள் யாருக்கும் தேவைப்படாத விற்பனையில் விற்பனை என்ற சொல் மட்டும்தான் மிஞ்சுகிறது.

வங்கிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் லாபப் பங்கீடு நுழைகிறது. வழக்கமான வங்கியில் நிலையான வைப்பு வைத்தால், ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று முதல் நாளே எழுதித் தருவார்கள். வட்டியில்லா வங்கி அப்படி எழுதித் தர முடியாது. அது முதாரபா என்ற கூட்டு: ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார். வைப்பாளர்கள் முதல் போட்டவர்கள், வங்கி உழைப்பவர். வரும் லாபத்தை 60க்கு 40 என்பதுபோல ஒரு விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். வைப்பாளர்கள் எல்லாரும் சேர்ந்து போட்ட 100 கோடி ரூபாய் ஒரு மாதத்தில் ஒரு கோடி லாபம் ஈட்டினால் 60 லட்சம் அவர்களுக்கு. அதில் ஒரு லட்சம் போட்டவருக்கு 600 ரூபாய். அடுத்த மாத லாபம் 70 லட்சம்தான் என்றால் அவருக்கு 420 ரூபாய். நட்டம் வந்தால், வங்கியின் அலட்சியமோ மோசடியோ காரணமாக இல்லாதவரை, நட்டம் முதல் போட்டவருடையது. வங்கி தன் உழைப்பை இழக்கும்.

600 ரூபாயும் 420 ரூபாயுமாக ஏறி இறங்கினால் வைப்பாளர்கள் பக்கத்து வங்கிக்குப் போய்விடுவார்களே என்ற பயம் வங்கிகளுக்கு உண்டு. ஆகவே நல்ல மாதங்களில் லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, மந்தமான மாதங்களில் எடுத்துச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விளைவாக வைப்பாளர் கைக்கு வரும் தொகை வட்டியைப் போலவே ஒரே சீராகத் தெரிகிறது. சட்டப்படி குற்றமில்லை, ஆனால் பங்காளி என்ற உணர்வை அது மழுங்கடிக்கிறது. முன்பு சொன்ன 2022ஐ வங்கியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் கஷ்டம் புரியும். ஆலைக்காரரிடமிருந்து வரும் தவணை மாறாது. ஊரெல்லாம் வைப்பு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வைப்பாளருக்குக் கூட்டித் தர வங்கியிடம் வருமானம் இருக்காது. ஒருவருக்குக் கிடைத்த நிம்மதியின் விலையை இன்னொருவர் கொடுக்கிறார்.

அப்படியானால் வங்கி ஏன் ஆலைக்காரரோடும் கூட்டுச் சேரக் கூடாது? இயந்திரத்தை விற்பதற்குப் பதில் அரிசி வியாபாரத்தின் லாபத்தில் பங்கு கேட்கலாமே? கொள்கையில் அதுதான் உயர்ந்த வழி. தொடக்க கால அறிஞர்கள் கனவு கண்டதும் அதைத்தான். எகிப்தின் மித் கம்ர் என்ற சிறு நகரில் 1963இல் அஹ்மத் அல் நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியை இத்துறையின் முன்னோடி என்பார்கள். ஆனால் நடைமுறையில் வங்கிகள் கூட்டு வியாபாரத்தைக் கண்டு ஒதுங்குகின்றன. சிறு வியாபாரி வரித்துறைக்கு ஒரு கணக்கும் தனக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தால் பங்காளிக்கு எதைக் காட்டுவார்? நட்டம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் மறுக்க வங்கியிடம் ஆதாரம் இருக்காது. விற்பனையில் அந்தத் தொல்லை இல்லை, விலை பாக்கி விலை பாக்கிதான். ஆகவே லாபப் பங்கீடு பெரும்பாலும் வைப்பாளர் பக்கத்தோடு நின்று, வாடிக்கையாளர் பக்கத்தில் விற்பனையும் வாடகையுமே ஆட்சி செய்கின்றன.

கூட்டு உண்மையாகவே வேர்பிடித்த ஓரிடம் வீடு. குறைந்துகொண்டே வரும் கூட்டு என்று இதைச் சொல்லலாம். 2 கோடி ரூபாய் வீட்டுக்கு வாங்குபவர் 50 லட்சமும் வங்கி ஒன்றரைக் கோடியும் போட்டு இருவரும் சொந்தக்காரர் ஆகிறார்கள். வங்கியின் பங்கை லட்சம் ரூபாய் வீதம் 150 துண்டாக்கி, மாதம் ஒரு துண்டை அவர் வாங்கிக்கொள்கிறார். வங்கியிடம் மிச்சமுள்ள துண்டுகளுக்குத் துண்டுக்கு 1,000 ரூபாய் வாடகை. முதல் மாதம் வாடகை ஒன்றரை லட்சம். பாதித் துண்டுகளை வாங்கியதும் 75,000. பன்னிரண்டரை ஆண்டில் வீடு முழுக்க அவருடையது. வாடகையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதலாம் என்பதால், சந்தை வட்டி ஏறும்போது இதுவும் ஏறக்கூடும். முராபஹாவின் நிலைத்தன்மை இங்கே கிடைக்காது. ஆனால் 2004 சுனாமியில் கிழக்குக் கரையில் போனதுபோல வீடே போய்விட்டால்? கடன் வாங்கிக் கட்டிய வீடு என்றால் வீடு போனாலும் கடன் நிற்கும். கூட்டு வீடு என்றால் வங்கி தன் துண்டுகளை இழக்கும், வாடகை அன்றோடு நிற்கும். ஆகவேதான் கட்டடத்துக்குக் காப்புறுதி எடுக்கும் அக்கறை அங்கே வங்கிக்கே உண்டு.

இலங்கை தன் வங்கிச் சட்டத்தை 2005இல் திருத்தி இவற்றுக்கு வழிவிட்டது. 2011 ஆகஸ்டில் அமானா வங்கி, முழுக்க வட்டியின்றி இயங்கும் அந்நாட்டின் முதல் வணிக வங்கியாகத் தொடங்கியது. இந்தியாவில் அந்தக் கதவு திறக்கவில்லை. நம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹாவுக்கோ வாங்கி விற்பதுதான் அடித்தளம். ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. ஆனால் இதைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. வீடு, நிலத்தில் இன்னொரு சிக்கல்: வங்கி வாங்கும்போது ஒருமுறை, வாடிக்கையாளருக்கு மாற்றும்போது மறுமுறை என்று முத்திரைத் தீர்வை இரட்டிப்பாகும். பிரிட்டன் 2003இல் சட்டம் திருத்தி இந்த இரட்டைத் தீர்வையை நீக்கியது. தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பைத்துல்மால் அமைப்புகள் நகையைப் பிணையாக வாங்கிக்கொண்டு வட்டியின்றிக் கைமாற்றுக் கொடுத்து வருகின்றன. அது உதவி; வங்கித் தொழில் அல்ல. லாபமும் இல்லை, பெருக்கவும் முடியாது.

சட்டபூர்வமான வழி இல்லாத இடத்தில் ஏமாற்றுக்காரர்கள் நுழைவார்கள். பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லி, மாதந்தோறும் கவர்ச்சியான தொகை கொடுத்துப் பல்லாயிரம் பேரின் சேமிப்பைத் திரட்டியது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டைவிட்டு ஓட, எல்லாம் சரிந்தது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் வட்டியைத் தவிர்க்க நினைத்த எளிய மக்கள். உண்மையான முதாரபாவில் விகிதம் பேசுவது லாபத்தைப் பிரிப்பதற்குத்தான். போட்ட முதலுக்கு மாதம் இத்தனை சதவீதம் என்று எவரும் உறுதி தர முடியாது, தந்தால் அந்த நொடியே அது வட்டியாகிவிடும். ஆகவே முதலும் பத்திரம், மாதம் மூன்று சதவீதமும் நிச்சயம், அதோடு ஹலாலும் என்று யாராவது தாளை நீட்டினால், அவர் தாடியையும் தொப்பியையும் பார்க்காமல் எந்த அமைப்பு அவருக்கு உரிமம் கொடுத்தது, தணிக்கை செய்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.